குட்டி போட்டால் கூலி

2021இல் ஊரடங்கில் வேலை இழந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் பலருக்குக் கைப்பேசியிலேயே வேலை கிடைத்தது: ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டில் பொம்மைப் பிராணிகளைச் சண்டைக்கு விடுவது. ஜெயித்தால் எஸ்எல்பி என்ற டோக்கன் கூலி. அதைச் சந்தையில் விற்று அரிசி வாங்கலாம்.

அப்போது ஆட மூன்று பிராணிகள் வேண்டியிருந்தன. அவை சில நூறு டாலர் விலை என்பதால், இல்லாதவர் இருப்பவரிடம் இரவல் வாங்கி ஆடி, வருமானத்தில் பங்கு தந்தார். குத்தகைக்காரருக்கு அங்கே வைத்த பெயர் ‘ஸ்காலர்’. கௌரவத்துக்குக் குறைவில்லை.

சரி, அந்த டோக்கனை யார் வாங்கினார்கள்? பிராணிகளைக் குட்டி போட வைப்பவர்கள். எஸ்எல்பிக்கு இருந்த ஒரே பெரிய செலவு அதுதான். குட்டியை யார் வாங்குவார்? புதிதாக ஆட வருபவர். அவரும் மறுநாளிலிருந்து டோக்கன் சம்பாதித்து விற்க ஆரம்பிப்பார். ஆக, நேற்று வந்தவரின் சம்பளம் இன்று வருபவரின் நுழைவுக் கட்டணம். ஈமு கோழியில் பணம் போட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஆட்டம் நடக்க நடக்க டோக்கன் பிறந்துகொண்டே இருந்தது. அதற்கு உச்சவரம்பு கிடையாது. புதியவர் வரத்து குறைந்ததும் குட்டிகள் விலைபோகவில்லை, எஸ்எல்பியைச் செலவழிக்க ஆளில்லை. 2022 பிப்ரவரியில் விளையாட்டை நடத்திய நிறுவனம் தினசரிக் கூலியை வெட்டிப் பார்த்தது. 2021 ஜூலையில் 30 சென்ட்டைத் தாண்டிய டோக்கன், மறு ஜூலையில் ஒரு சென்ட்கூடப் பெறவில்லை.