நெய்யை விட்டு வெண்ணெய்க்கு

கிரியேட்டின் டப்பா கடையிலேயே இருக்க, அதன் முன்னோடியான குவானிடினோஅசிட்டேட்டை 'மாற்று' என்று விற்கிறார்கள். நெய்யைக் கையில் வைத்துக்கொண்டு வெண்ணெய் வாங்க அலையும் கதைதான்.

இந்த முன்னோடியை நம் சிறுநீரகம் தினமும் இலவசமாகத் தயாரிக்கிறது. கல்லீரல் அதில் ஒரு மீதைல் தொகுதியை ஒட்டி கிரியேட்டினாக்குகிறது. கூலியாக ஹோமோசிஸ்டீன் மிஞ்சும். அது ரத்தத்தில் ஏறுவது சோதனைகளில் தெரிந்ததால், கூடவே பீட்டெய்னும் விழுங்கச் சொல்கிறார்கள். வெண்ணெயை உருக்க விறகும் நாமே வாங்க வேண்டுமாம்!

மூளைக்குள் கிரியேட்டினை குவானிடினோஅசிட்டேட் கூடுதலாகச் சேர்க்கிறது என்பதற்கு ஆதாரம், விரல்விட்டு எண்ணும் ஆட்களிடம் சில வாரம் நடந்த ஆய்வு. கிரியேட்டினைவிட அதிக பலம் தருமா, வருடக்கணக்கில் விழுங்கினால் என்னவாகும்? இரண்டும் நிரூபணமாகவில்லை. பிறவியிலேயே இதை மாற்றும் நொதி இல்லாத குழந்தைகளுக்கு இது உடலில் தேங்குகிறது, வலிப்பு வருகிறது.

இதுவரை தீவனத்தோடு இதை நிறையத் தின்றவை பிராய்லர் கோழிகள்தான். அவை ஆறேழு வாரத்துக்கு மேல் வாழ்வதில்லை.