பாட்டு மட்டும் ஓசி

தருமபுரிக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. தெருவுக்கு நாலு பேர் இப்படி இருப்பதால் பெயர் தேவையில்லை. பக்கத்துக் கடைக்காரன் இவர் கடைப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி போர்டு மாட்டினால் அன்று மாலையே வக்கீலிடம் போய் நிற்பார். "என் பேரைத் திருடிட்டான் சார்!" அதே முதலாளி ஆடித் தள்ளுபடி வீடியோவுக்குக் கேமராக்காரருக்குக் காசு தருவார், ட்ரோனுக்குத் தருவார், ஒகேனக்கல் வரை பட்டுச்சேலை கட்டிப்போய் நின்ற பெண்ணுக்குத் தருவார். பாட்டுக்கு? "ராஜா சார் பாட்டு ஒண்ணைப் பின்னாடி ஓட்டிவிடுப்பா." பில்லில் அந்த வரியே இருக்காது. இருபது வினாடி ஓடும் வீடியோவில் ஆளைக் கட்டி நிறுத்துவதே அந்தப் பாட்டுதான்.

எடிட்டிங் செய்யும் தம்பி அதற்கொரு சட்டமும் வைத்திருக்கிறான்: முப்பது வினாடிக்குள் இருந்தால் குற்றமில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் அந்த முப்பது வினாடி அகப்படாது. சொந்த உபயோகம், விமர்சனம், செய்தி என்று சில விலக்குகள் உண்டு. கல்யாண ஊர்வலத்தில் பாட்டு ஒலிக்கவும் விலக்கு உண்டு. சேலைத் தள்ளுபடிக்கு இல்லை.

கொஞ்சம் விவரமான முதலாளி சுவரைக் காட்டுவார்: "கடையில பாட்டுப் போட பி.பி.எல்.லுக்குப் பணம் கட்டியிருக்கேன், பாருங்க." கட்டியது நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் ஸ்பீக்கருக்கு; வாடிக்கையாளர் காதில் விழுவதற்கு. பாட்டைப் படத்தோடு ஒட்டுவதற்கு சிங்க் லைசென்ஸ் என்று தனி அனுமதி வேண்டும். அதுவும் இரண்டு இடத்தில் கேட்க வேண்டும்: மெட்டுக்கும் வரிக்கும் உரிமையுள்ளவரிடம் ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையுள்ள கம்பெனியிடம் இன்னொன்று.

இன்னும் விவரமானவர் பாரதியைத் துணைக்கு அழைப்பார். பாரதியின் தோழர் சுப்பிரமணிய சிவா கண்மூடிய பாப்பாரப்பட்டி இருக்கும் மாவட்டம் அல்லவா, பாரதி என்றால் உரிமையோடு கையை நீட்டுகிறோம். "அவர் பாட்டு நாட்டுடைமை சார்!" உண்மைதான். ஏவி. மெய்யப்பச் செட்டியார் பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஊர் கூடிக் குரல் கொடுத்து, 1949-இல் சென்னை அரசு உரிமையைப் பெற்று, பிறகு பொதுவாக்கியது. பொதுவானது பாரதியின் வரி. 2000-இல் வந்த 'பாரதி' படத்தில் அந்த வரிகளுக்கு இளையராஜா போட்ட மெட்டு யாரும் பொதுவாக்காதது. அந்தப் பதிவும் அப்படியே. அவை பொதுவாவதற்கு இசையமைத்தவர் இறந்து அறுபது ஆண்டு, பதிவு வெளியாகி அறுபது ஆண்டு ஆக வேண்டும். தியாகராஜர் கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை; அதை நேற்று ஒருவர் பாடிப் பதிந்த பதிவு அவரை அல்லது அவர் கம்பெனியைச் சேர்ந்தது.

2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாட்டு வந்ததற்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. இசை உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் முறையாக வாங்கினோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். வாங்கினேன் என்பவனுக்கே நோட்டீஸ். கேட்கவே கேட்காத நம் முதலாளி நிம்மதியாகத் தூங்குகிறார்.

இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டு கிடைக்காமல் போவது கோளாறு அல்ல. அந்தப் பாட்டுகள் வியாபாரத்துக்கென்று வாங்கப்பட்டவை அல்ல. தம்பி என்ன செய்கிறான்? கணக்கின் வகையை மாற்றிவிட்டுப் பாட்டை எடுக்கிறான். பூட்டியிருக்கிறது என்று தெரிந்தே ஜன்னல் வழியாக இறங்குகிறான், அதைத் திறமை என்கிறோம். ஒரு நாள் வீடியோ ஊமையாகும். ஊமையானால் பரவாயில்லை, தெரிந்தே மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. தள்ளுபடி வீடியோவை எந்த நீதிபதி தர்மகாரியம் என்பார்?

இத்தனைக்கும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. காசில்லை என்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரி, Meta Sound Collection. எந்தத் தளத்துக்கு என்ற நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள். காசிருந்தால் இந்த மாவட்டத்துப் பம்பைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு நிமிட இசை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ட்ரோனுக்குக் கொடுப்பதில் பாதி கொடுத்தாலும் அந்தக் குடும்பத்தில் அடுப்பு எரியும். எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்த இசை, எவ்வளவு தொகை, எத்தனை வருடம், எந்த நாடுகள். வருடம் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும்; நாடு எழுதாவிட்டால் இந்தியா மட்டும். துபாயில் இருக்கும் மச்சான் பார்க்க வேண்டுமென்றால் அதையும் எழுத வேண்டும்.

முதலாளி, அடுத்த வீடியோவுக்குக் கொட்டேஷன் வரும்போது 'இசை' என்ற வரி எங்கே என்று கேளுங்கள். அது இல்லாமல் வருகிற பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.