ஹம்பர்க் மூத்திரமும் இலங்கைக் கல்லும்

சிவனொளிபாதமலை சீசன் என்றால் நல்லதண்ணியில் ராத்திரி இரண்டு மணிக்கும் தேத்தண்ணிக் கடை திறந்திருக்கும். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை இதே கூத்துதான். மூடுபனி கடைக்குள்ளேயே வந்து பெஞ்சில் குந்திக்கொள்ளும். முதலாளி கேஸ் அடுப்பின் குமிழை அமுக்கித் திருப்புவார். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், நெருப்பு வராது. மறுபடி ‘டக்’. மூன்றாவது தடவை அடுப்பின் பரம்பரையையே இழுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மேல்தட்டில் இருக்கும் நெருப்புப்பெட்டியைத் தேடுவார்.

பரம்பரையை இழுத்ததில் தப்பில்லை. அந்த ‘டக்’குக்கும் இந்த நெருப்புப்பெட்டிக்கும் பரம்பரை இருக்கிறது, இரண்டுமே வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான பரம்பரை இல்லை, அவ்வளவுதான்.

நெருப்புப்பெட்டியின் மூதாதை மூத்திரம். 1669இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத்தில் ஹென்னிங் பிராண்ட் என்றொரு ரசவாதி இருந்தார். மூத்திரம் மஞ்சளாக இருக்கிறது, தங்கமும் மஞ்சளாக இருக்கிறது, ஆகவே மூத்திரத்தில் தங்கம் இருக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. வாளி வாளியாகச் சேர்த்தார், அழுகவிட்டார், வற்றக் காய்ச்சினார். அந்தத் தெருவில் குடியிருந்தவர்களைப் பற்றி வரலாறு மௌனம் சாதிக்கிறது. கடைசியில் தங்கம் வரவில்லை. இருட்டில் தானாக ஒளிரும் மெழுகு மாதிரி ஒன்று வந்தது. அதுதான் வெள்ளைப் பாஸ்பரஸ். காற்றில் காட்டினால் ஏறக்குறைய 30 பாகை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் சாமான். நம்ம ஊரில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும், கொழும்பில் வைத்தால் வீடு போய்விடும்.

அடுத்தவர் இங்கிலாந்துக்காரர், ஜோன் வோக்கர், மருந்துக்கடைக்காரர். பொட்டாசியம் குளோரேட், அந்திமனி சல்பைட்டு, பசை எல்லாவற்றையும் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். குச்சி நுனியில் காய்ந்த கட்டியை உரசி எடுக்கப் பார்த்தபோது அது தீப்பிடித்தது. 1827இல் அதையே பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார். காப்புரிமை எடுக்கவில்லை. மற்றவர்கள் எடுத்துச் சம்பாதித்தார்கள்.

1830களில் குச்சி லேசில் பற்றட்டும் என்று அதன் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். நன்றாகவே பற்றியது, எங்கே உரசினாலும் பற்றியது, சட்டைப்பைக்குள்ளும் பற்றியது. அதைச் செய்த தொழிலாளருக்குத் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் பிரயன்ட் அண்ட் மே கம்பெனியில் வேலை செய்த பெண்களுக்குப் பேசினால் அபராதம், குச்சி கீழே விழுந்தால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் வித்தையை எங்கே படித்தார்கள் என்று நம்மவர்கள் இனித் தேடவேண்டியதில்லை. 1888இல் அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அவர்கள் பக்கம் நின்று எழுதிய அம்மையார் அன்னி பெசன்ட். பிற்பாடு சென்னை அடையாறில் குடியேறி, அங்கேயே கண்மூடிய அதே அம்மையார்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆபத்தில்லாத குச்சிக்கு வழி அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. சுவீடனில் குஸ்டாஃப் பாஷ் 1844இல் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் சீர்ப்படுத்தி 1855 பாரிஸ் கண்காட்சியில் பரிசும் வாங்கினார்கள். அவர்கள் செய்த தந்திரம் ஒன்றே ஒன்று: சண்டைபிடிக்கிற இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைக்காதே. ஒட்சிசனைக் கொட்டும் பொட்டாசியம் குளோரேட்டைக் குச்சித் தலையில் வை. பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசு. அதுவும் வெள்ளை வேண்டாம், சாதுவான சிவப்புப் பாஸ்பரஸ் போதும்.

உரசும்போது நடப்பது இதுதான். பட்டையிலும் தலையிலும் உள்ள கண்ணாடித்தூள் ஒன்றோடொன்று உராய்ந்து சூடேறும். அந்தச் சூட்டில் துளியளவு சிவப்புப் பாஸ்பரஸ் வெள்ளையாக மாறி ஆவியாகிப் பற்றும். பற்றியது குளோரேட்டைச் சிதைக்கும். குளோரேட் ஒட்சிசனைக் கக்கும். அந்த ஒட்சிசனில் தலையிலுள்ள கந்தகம் எரியும். நாம் முகத்தைச் சுளிக்கும் அந்த நெடி கந்தகத்தினுடையது. பிறகு குச்சியில் ஊறிய மெழுகு பிடித்து, மெழுகு மரத்துக்குக் கொடுக்கும். ஒரு நொடிக்குள் இத்தனையும் முடிந்துவிடும். எரிவதற்கான ஒட்சிசனையும் குச்சி தன் தலையிலேயே கொண்டுவருகிறது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ‘டக்’கின் கதை. இதில் நமக்குப் பங்கு உண்டு, யாரும் நமக்கு றோயல்டி தரவில்லை என்றாலும். 1700களின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இந்தத் தீவிலிருந்து டூர்மலின் கற்களை அம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோனார்கள். சூடாக்கினால் சாம்பலைக் கவ்வி இழுக்கும் கல் அது. சூடேறும்போதும் ஆறும்போதும் அதன் இரு முனைகளிலும் மின்னேற்றம் பிறக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், புகைக்குழாயில் அடைத்த சாம்பலை இதை வைத்து உறிஞ்சி எடுக்கலாம் என்பதுதான். இயற்பியலின் அதிசயம் ஒன்று கையில் கிடைத்ததும் ஐரோப்பா அதைச் சுங்கான் துடைக்கப் பயன்படுத்தியது. சூடாக்கும்போது மின்சாரம் தருகிற கல்லை அழுத்திப் பார்த்தால் என்ன என்று யோசிக்க இன்னும் 170 வருஷம் போலானது. 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் டூர்மலினையும் குவார்ட்ஸையும் வேறு சில பளிங்குகளையும் அழுத்தினார்கள். மின்னேற்றம் வந்தது. பியருக்கு அப்போது 21 வயது. மேரி அம்மையாரை அவர் இன்னும் சந்தித்திருக்கவில்லை.

அடுப்புக்குள் இப்போது டூர்மலின் இல்லை. ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் சேர்ந்த ஒரு பீங்கான் இருக்கிறது. அதனுள் இருக்கும் ஒவ்வொரு நுண்ணலகிலும் நடு அணு மையத்தில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தொழிற்சாலையில் பலமான மின்புலத்தில் வைத்து எல்லாச் சாய்வையும் ஏறக்குறைய ஒரே திசைக்குத் திருப்பிவிடுவார்கள். குமிழை அமுக்கித் திருப்பும்போது ஒரு சுருள்வில் இறுகுகிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டு, சின்னச் சுத்தியல் பீங்கானை அறைகிறது. அதுதான் ‘டக்’. அறைபட்ட நொடியில் அணுக்கள் நகர்ந்து, பீங்கானின் இரு முகங்களிலும் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறது. வீட்டுப் பிளக்கில் வருவது 230. பயப்படத் தேவையில்லை, வோல்ட்தான் அதிகம், சக்தி ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒருசில பங்குதான். விரல் பட்டால் துள்ளுவீர்கள், சாகமாட்டீர்கள்.

அந்த மின்னழுத்தம் கம்பி வழியாக எரிவாய்க்குப் பக்கத்திலுள்ள ஊசிமுனைக்கு வந்து, சில மில்லிமீற்றர் காற்றைத் தாண்டி உலோகத்துக்குப் பாய்கிறது. காற்று ஒரு மில்லிமீற்றருக்குச் சுமார் 3,000 வோல்ட் வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. பொறி தெறிக்கும் இடத்தில் கேஸும் காற்றும் சரியாகக் கலந்திருந்தால் பற்றும். காற்றில் கேஸ் ஏறக்குறைய நூற்றுக்கு 2க்குக் கீழே இருந்தாலும் பற்றாது, 10ஐ நெருங்கி மேலே போனாலும் பற்றாது. பொறியின் ஆயுள் கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு சின்னத் துண்டு. அந்த நொடியில் கேஸ் அங்கே வந்து சேராவிட்டால் பொறி அதற்காகக் காத்திருக்காது. இடைவெளி ரொம்பக் குறுகினாலும் வில்லங்கம்தான். பிறந்த குஞ்சு நெருப்பின் சூட்டைப் பக்கத்து உலோகம் உறிஞ்சி அணைத்துவிடும்.

குச்சிக்கும் பொறிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான். பொறி எரிபொருளும் கொண்டுவராது, ஒட்சிசனும் கொண்டுவராது, வந்த வேகத்தில் போய்விடும். குச்சி பத்து நொடியாவது நின்று எரியும். சிலிண்டர் மாற்றிய கையோடு குழாயில் காற்று நிறைந்திருக்கும்போது எத்தனை ‘டக்’ போட்டாலும் பற்றாதது குச்சிக்குப் பற்றுவது இதனால்தான்.

நல்லதண்ணி மழை இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பழிவாங்குகிறது, வழிதான் வேறு. குச்சித் தலையிலுள்ள பசை ஈரத்தை உறிஞ்சிக் குழையும். உரசினால் பட்டையில் கோடு இழுத்துவிட்டுத் தலை உதிரும். பட்டையிலுள்ள பாஸ்பரஸும் ஈரக்காற்றில் மெல்ல ஒட்சியேறிப் பிசுபிசுக்கும். அம்மாயி குச்சியைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு உரசுவது மந்திரமல்ல. காய்ந்த முடி மேலீரத்தைத் துடைக்கிறது. உள்வரை ஊறிய குச்சிக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

‘டக்’குக்கு வரும் நோய் வேறு. ஊசிமுனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் உறையில் பனி படிந்தாலோ, பால் பொங்கி வழிந்து காய்ந்தாலோ, மின்னேற்றம் காற்றைத் தாண்டும் கஷ்டத்தை எடுக்காமல் அந்த அழுக்கின் மேல் வழுக்கிக்கொண்டு அடுப்பு உடம்புக்குள் இறங்கிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். கேஸை சிலிண்டரில் மூடி, குழாயில் மிச்சமிருப்பது கலைந்தபின், இருட்டில் குமிழைத் திருப்பிப் பாருங்கள். முனையில் நீலப் பொறி தெறித்தால் மின்சாரப் பக்கம் சரி; எரிவாயின் ஓட்டை அடைத்திருக்கலாம். ‘டக்’ கேட்டும் முனையில் பொறி இல்லை, வேறெங்கோ மினுங்குகிறது என்றால் உறையைத் துடைத்துக் காயவைக்கவேண்டும், அல்லது கம்பியின் உறை வெடித்திருக்கும். ஒரு திருப்புக்கு ஒரு ‘டக்’ வராமல் ‘டிக் டிக் டிக்’ என்று தொடர்ந்து அடிக்கும் அடுப்பு உங்களுடையது என்றால் அதில் சுத்தியலே இல்லை. பற்றரியை மாற்றுங்கள், கியூரி சகோதரர்களைத் திட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. குமிழைத் திருப்பும்போது கேஸ் முன்னால் வரும், பொறி பின்னால் வரும். நெருப்புப்பெட்டியில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கவேண்டும்: குச்சியை முதலில் பற்றவையுங்கள், பிறகு கேஸைத் திறவுங்கள். மூன்று ‘டக்’ போட்டும் பற்றவில்லை என்றால் குமிழை மூடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையில் தேங்கும். கதவைத் திறந்து, குளிரைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். கேஸைத் திறந்து வைத்துவிட்டு இருட்டில் நெருப்புப்பெட்டியைத் தேடிப் போகாதீர்கள். புருவம் முளைக்க மாசக்கணக்கில் ஆகும்.