சாகாமத்து வாடியில் மொழியிறுதி எழுத்துகளின் நிலை: ஓர் ஆய்வு

ஒருவர் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அது முடிகிற எழுத்தில் தொடங்கும் வேறொரு சொல்லை அடுத்தவர் சொல்ல வேண்டும். சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. சொல் கிடைக்காமல் முழிப்பவர் தோற்றார். இவ்வளவுதான் ஆட்டம். அறிவுலகம் இதைச் சின்னப்பிள்ளைச் சமாச்சாரம் என்று தள்ளிவிட்டு, அந்தாதிக்கு மட்டும் பாய் விரித்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் ‘அற்புதத் திருவந்தாதி’ பாடிய காலம் தொட்டு அந்தாதிக்கு உரை உண்டு, பதவுரை உண்டு, பட்டங்கூட உண்டு. ஆனால் அந்தாதி பாடுகிறவருக்கு எதிரே யாரும் சம்மணம் கட்டி உட்கார்ந்திருப்பதில்லை. தான் முடித்த சொல்லைத் தானே எடுத்துக்கொள்ளலாம். வசதியாக முடித்து வசதியாகத் தொடங்கலாம். அடுத்தவன் வேண்டுமென்றே முடித்து வைத்த எழுத்தை எடுக்கும்போதுதான் இலக்கணம் கையைக் கடிக்கும். அந்தக் கடியைப் பற்றியதே இவ்வாய்வு.

ஆய்வுக்களம் அம்பாறை மாவட்டத்துச் சாகாமம். திருக்கோவிலுக்கு மேற்கே, குளமும் வயலுமாகக் கிடக்கும் இடம். வட்டைக்குள் வாடி போட்டு யானைக்கும் பன்றிக்கும் இரவெல்லாம் காவல் இருப்பவர்களுக்குத் தூங்காமல் இருப்பதற்கு ஒரு வழி வேண்டும். கவி பாடத் தெரிந்தவர் கவி பாடுவார். தெரியாதவர் இந்த ஆட்டத்துக்கு வருவார். ஆகவே தகவலாளிகளுக்குப் பஞ்சமில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் போதும்.

ஆட்டம் தொடங்குமுன்பே முதல் சண்டை வரும். ‘முடிகிற எழுத்து’ என்றால் எது? ‘கோமாரி’ என்று ஒருவர் சொல்கிறார். அது ‘ரி’யில் முடிகிறதா, ‘இ’யில் முடிகிறதா? நாம் எழுதுவது ‘ரி’ என்ற ஓர் எழுத்து; காதில் கடைசியாக விழுவது ‘இ’ என்ற ஓர் ஒலி. ‘ரி’ என்று வைத்தால் அடுத்த ஊர் கிடைக்காது. ‘இ’ என்று வைத்தால் இறக்காமம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. எழுத்துக் கட்சி, ஒலிக் கட்சி என்று இரண்டு மத்ஹபுகள் இங்கே நிலவுகின்றன. ஒன்றின் தீர்ப்பு மற்றதில் செல்லாது.

எழுத்துக் கட்சியின் கதி என்ன என்பதை இக்கரையோரத்து ஊர்ப் பெயர்களையே வைத்துப் பார்க்கலாம். கல்முனை, மருதமுனை, பாலமுனை, நற்பிட்டிமுனை, அட்டாளைச்சேனை ஆகிய ஐந்தும் ‘னை’யில் போய் முட்டி நிற்கின்றன. தமிழில் ‘னை’ என்று தொடங்கும் சொல் கிடையாது. அக்கரைப்பற்று ‘று’வில் நிற்கிறது, மாளிகைக்காடு ‘டு’வில், காரைதீவு ‘வு’வில். மூன்றுக்கும் அப்பால் வழியில்லை. ஒலுவில், தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில் எல்லாம் ‘ல்’, நிந்தவூர் ‘ர்’. சாய்ந்தமருது ஒன்றுதான் ‘து’ என்று துறைநீலாவணைக்குப் பாதை திறந்துவிடுகிறது. அங்கே போனால் ‘ணை’. இதைவிடக் காரைதீவிலேயே நின்றிருக்கலாம்.

அப்படியானால் ஓடுகிற வண்டி எது? சாகாமம். அது ‘ம்’மில் முடிகிறது, இறக்காமமும் வாங்காமமும் அப்படியே. அடுத்தவர் ‘மத்தியமுகாம்’ என்பார், அதுவும் ‘ம்’. ‘மருதமுனை’ என்று யாராவது வாய்தவறிச் சொல்லும் வரை வண்டி ஓடும். ஆய்வாளர் சாகாமத்தைக் களமாகத் தேர்ந்ததற்கு இதுவே காரணம். அங்கு கிடைக்கும் குளத்து மீன் காரணம் என்று பரவியிருக்கும் பேச்சில் உண்மை இல்லை.

இந்த நோய்க்கு மூலம் பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் தெளிவாக எழுதிக் கிடக்கிறது. சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்துகள் 22 என்கிறார் பவணந்தி முனிவர்: உயிர் பன்னிரண்டு, அவற்றோடு க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் பத்தின் வரிசை. சொல்லின் கடைசியில் வரக்கூடியவை 24: உயிர் பன்னிரண்டு, மெய் பதினொன்று, குற்றியலுகரம் ஒன்று. அந்தப் பதினொரு மெய்கள் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள். வாசலில் நுழையும் மெய்களையும் கொல்லைப்புறத்தால் வெளியேறும் மெய்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் போய்வர உரிமை உள்ளவை ஞ், ந், ம், ய், வ் என ஐந்தே. அவற்றிலும் ஞகரத்தில் முடிவதற்கு ‘உரிஞ்’ என்றும், நகரத்தில் முடிவதற்கு ‘வெரிந்’ என்றும், வகரத்தில் முடிவதற்கு ‘தெவ்’ என்றும் உரையாசிரியர்கள் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்திருக்கிறார்கள். வாடியில் எவரும் தெவ் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எஞ்சுபவை மகரமும் யகரமும். மரம், பணம், குளம், சாகாமம் என்று நம் பெயர்ச்சொற்களில் பெரும்படை ஒன்று மகரத்தில் முடிவதால்தான் தமிழில் இந்த ஆட்டம் நடக்கவே நடக்கிறது.

(போகிற போக்கில் ஒன்று. தொல்காப்பியர் நன்னூலாரைவிடக் கண்டிப்பானவர். சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்று உயிரோடு சொல்லுக்கு முதலில் வராது என்பது அவர் விதி. அந்த விதிப்படி சாகாமம் செல்லும், சம்மாந்துறை செல்லாது. சம்மாந்துறையார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டியும் சண்டையும் சந்தையும் அவர்களோடுதான் வெளியே நிற்கின்றன.)

ஒலிக் கட்சியார் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். அக்கரைப்பற்றா, உகரத்தில் முடிகிறது, ‘உகந்தை’ என்று போய்க்கொண்டே இருப்போம் என்பார்கள். அவ்வளவு இலேசில்லை. ‘பற்று’வின் கடைசியில் இருப்பது அரை மாத்திரை உகரம், ‘உகந்தை’யின் தொடக்கத்தில் இருப்பது ஒரு மாத்திரை உகரம். அரை றாத்தலுக்கு முழு றாத்தல் கொடுத்த கணக்கு இது. குற்றியலுகரம் சொல்லின் முதல் அசையில் வருவதற்குத் தொல்காப்பியம் காட்டும் இடம் ‘நுந்தை’ என்ற ஒரே சொல். உன் தகப்பன் என்று பொருள். ஆக, ஒருவர் ‘அக்கரைப்பற்று’ என்றால் மற்றவர் இலக்கணப்படி அவருடைய வாப்பாவை இழுத்தே பதில் சொல்ல வேண்டும். நள்ளிரவில், கையில் வெடியோடு இருக்கும் மனிதர்களிடம் இந்த விதியைப் பரிசோதிக்க ஆய்வாளர் முன்வரவில்லை.

இனி ஆய்வின் நடுப்பகுதி. ண், ன், ர், ல், ழ், ள் என்ற ஆறும் டு, று, வு போன்றவையும் செத்த எழுத்துகள் என்று நன்னூல் கைவிட்டுவிட்டது. ஆனால் கல்முனைக் கரையோரத்தார் கைவிடவில்லை. பள்ளிவாசலிலும் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இருந்து அவர்கள் கொண்டுவந்த சொற்கள் அந்த எழுத்துகளுக்கு உயிர் கொடுக்கின்றன. கீழே தருவது ஒரு காக்காவும் ஒரு தம்பியும் ஆடிய ஆட்டத்தின் பதிவு.

காக்கா முதல் அடியிலேயே கொலைக் கருவியை எடுத்தார்: “தமிழ்.” ழகரத்தில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை. தன் பெயரைச் சொன்னதும் முடிந்துபோகிற மொழி இது என்பதை இலக்கணகாரர் எவரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. தம்பி கலங்கவில்லை.

“ளுஹர்.”

“அது ளானா. நான் விட்டது ழானா.”

“காக்கா, அதெல்லாம் கொப்பியில. காதுக்கு ரெண்டும் ஒண்டுதானே. நீங்க பழத்த என்னெண்டு செல்லுவீங்க?”

“பளம்” என்று சொல்லிவிட்டுத்தான் காக்காவுக்குப் பொறி புரிந்தது. இந்தப் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு ஒன்றாகிவிட்டது. நண்பகல் தொழுகையைத் தமிழ்நாட்டார் ‘லுஹர்’ என்று எழுதுவார்கள்; இலங்கையில் நாம் ‘ளுஹர்’ என்று எழுதுகிறோம். தொல்காப்பியர் தொடங்கி எவராலும் திறக்க முடியாத ளகர வாசலை அறபுச் சொல் ஒன்று திறந்து வைத்திருக்கிறது.

‘ளுஹர்’ ரகரத்தில் முடிய, காக்கா “றாத்தல்” என்றார். பாணை நிறுத்து வாங்கும் றாத்தல். இதுவும் அறபு வழி வந்ததே. ரகரமா றகரமா என்று தம்பி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ழகரத்தில் சலுகை வாங்கியவன் றகரத்தில் வாய் திறக்க முடியாது. லகரத்துக்குத் தம்பி “லேஞ்சி” கொடுத்தான். போர்த்துக்கேயர் போய் முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் அவர்களுடைய கைக்குட்டை நம் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ‘சி’க்குக் காக்கா “சிறுபோகம்”. ‘ம்’முக்குத் தம்பி, மெத்தனமாக, “மாளிகைக்காடு”.

இது வலையென்று பார்த்தவுடன் தெரியும். ‘டு’வில் தொடங்கச் செந்தமிழில் ஒன்றும் இல்லை. காக்கா ஒரு பீடியைப் பற்றவைத்து, புகையை விட்டு, “டுபாய்” என்றார். ஊருக்கு நாலு வீடு வளைகுடாக் காசில் நிற்கும்போது இந்த எழுத்தை அடைத்துவிடலாம் என்று தம்பி நினைத்தது அனுபவக் குறைவு. யகரத்துக்குத் தம்பி “யன்னல்” என்றான். அது போர்த்துக்கேயப் பொருள்தான், ஆனாலும் ய என்ற எழுத்து நன்னூலில் அனுமதிக்கப்பட்டது. சாளரம் என்று எழுதுகிற இலக்கணகாரர்கூட ஆட்சேபிக்க முடியாது. காக்கா “லாச்சி” என்று திறந்தார். இம்முறை ஒல்லாந்தர் மேசையிலிருந்து.

ஒன்பது சொல்லில் சந்துக்குள் சிக்கிய ஐந்து இடங்களையும் கடத்திவிட்டவை வந்தேறிச் சொற்களே. ழ், ர், ல், டு, மறுபடியும் ல். தமிழின் அடைப்பை அறபும் போர்த்துக்கேயமும் ஒல்லாந்தும் ஒரு விமானச் சீட்டும் உடைத்திருக்கின்றன. தனித்தமிழ் அன்பர்கள் இந்த ஆட்டத்தைத் தனித்தமிழில் ஆடிப் பார்க்கலாம். இரண்டாம் சொல்லில் வீட்டுக்குப் போய்விடலாம்.

யப்பானியரிடம் இதே ஆட்டம் ‘ஷிரிதொரி’ என்ற பெயரில் உண்டு. அவர்கள் மொழியில் செத்த எழுத்து ஒன்றே ஒன்று, சொல்லிறுதி ‘ன்’. அதில் முடிகிற சொல்லைச் சொன்னவர் உடனே தோற்றார் என்பது அங்கே சட்டம். ஒரு குழி என்றால் அதைச் சுற்றி வேலி போடலாம். நமக்கு ஊரே குழி. அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் அவன், இவன், மாமன், மச்சான் எல்லோரும் தோற்றவர்கள்.

ஆனால் சட்டத்தின் மனப்பான்மை வாடியிலும் உண்டு என்பதைக் குறிப்பிட வேண்டும். வீட்டுத் திண்ணையில் ஆடும்போது எதிரியை முட்டுச் சந்தில் தள்ளுவது கெட்டித்தனம். வாடியில் அது துரோகம். அங்கே ஆடுவது வெல்வதற்கல்ல, விழித்திருப்பதற்கு. சங்கிலியை அறுத்தவன் நாலு பேரைத் தூங்கவைத்தவன். கதிர் பால்பிடிக்கிற நாளில் அதன் விலையை யானை வந்து வசூலிக்கும். அதனால்தான் ‘தமிழ்’ என்று காக்கா தொடங்கியதை மற்றவர்கள் முகம் சுளித்துப் பார்த்தார்கள். அதனால்தான் தம்பியின் காது வாதத்தை மறுபேச்சின்றி ஒத்துக்கொண்டார்கள்.

தீராமல் நிற்பது ணகரம் ஒன்று. கண், மண், ஆண், பெண், எண், தூண், பாண் ஆகியவற்றுக்கு அறபும் உதவவில்லை, ஐரோப்பாவும் உதவவில்லை. நகரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பது காக்காவின் கட்சி. ளானா-ழானாவில் தனக்கு விட்டுக்கொடுத்ததை மறந்து, அது கூடாது என்பது தம்பியின் கட்சி. வட்டவிதானையிடம் போனது வழக்கு. அவர் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இனி விடியும் வரை இந்த வாடியில் எவனும் பாண் என்ற சொல்லை எடுக்கக் கூடாது, பசிக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.