நாலு சைபர் நாலு

விளம்பர நிறுவனங்களில் இப்போது ஓர் இனம் உருவாகியிருக்கிறது. விசிட்டிங் கார்டில் என்ன அச்சிட்டிருந்தாலும், நாங்கள் அவரைக் குரல்காரர் என்றுதான் சொல்வோம். பாடமாட்டார். கடை என்று ஒன்று இருந்தால் அதற்கென்று ஒரு குரல் உண்டு, பில்லின் அடி வரியிலிருந்து கழிப்பறைக் கதவு வரை அந்தக் குரலிலேயே பேச வேண்டும் என்பது அவருடைய மதம். டீக்கடையில் 'கடன் அன்பை முறிக்கும்' பலகையைப் பார்த்து, "நல்ல வரிதான், ஆனா வட்டிக்கடைக் குரலா இருக்கே" என்று முகம் சுளித்தவர்.

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றின் இணையதளத்துக்கு நான் நிரல் எழுதினேன், அவர் குரல் எழுதினார். புதுத் தளத்தை ஏற்றியதும் பழைய முகவரிகள் எல்லாம் மாறிப்போயின. சித்திகளும் அத்தைகளும் வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்ட சுட்டிகளைத் தட்டினால் வெள்ளைப் பக்கத்தில் `404 Not Found` என்று ஒரே வரி. குரல்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வாசலுக்கு வந்தவங்க மேல நாயை அவுத்து விட்ட மாதிரி இருக்கு."

மூன்று நாள் எழுதினார். முதல் வரைவு: "ஐயோ! முந்தானை எங்கேயோ சிக்கிடுச்சு!" அவரே இரண்டு முறை சிரித்தார். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சேலை தேடுகிறவளுக்குச் சிரிப்பு வராது. இரண்டாவதில், 'தவறான முகவரியை உள்ளிட்டுள்ளீர்கள்' என்று பழியை வாடிக்கையாளர் தலையில் போட்டார். முகவரியை மாற்றியதே நாங்கள்! மூன்றாவது, அறுந்த இழையைத் தேடும் நெசவாளியைப் பற்றிய புதுக்கவிதை. எதிலும், அடுத்து எங்கே போவது என்பது மட்டும் இல்லை.

நாலாவது நாள் கடைக்கே போனோம். ஓர் அம்மா போனில் படத்தைக் காட்டி மயில்கழுத்து நிறம் கேட்டார். முப்பது வருஷமாக அங்கே சேலை விரித்துப் போடும் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "அது போயிடுச்சும்மா. அதே கலர்ல, பார்டர் மட்டும் வேற, நாலு இருக்கு. உட்காருங்க, எடுத்துக் காட்டுறேன்."

குரல்காரர் அங்கேயே பேனாவைத் திறந்தார். பக்கம் இப்படி ஆனது: "நீங்கள் தேடி வந்தது இந்த இடத்தில் இல்லை. விற்றுப்போயிருக்கலாம், வேறு அலமாரிக்கு மாறியிருக்கலாம். உட்காருங்கள், வேறு காட்டுகிறோம்." கீழே தேடுபெட்டி, முகூர்த்தப்பட்டு, மென்பட்டு, பருத்தி என்று மூன்று சுட்டிகள், கடையின் வாட்ஸப் எண். பன்னிரண்டு சுட்டி வேண்டும் என்று அடம்பிடித்தார். பெரியவர் எத்தனை சேலை எடுப்பதாகச் சொன்னார் என்று ஞாபகப்படுத்தினேன்.

முதலாளி ஒப்புதல் தரும்போதுதான் வினை வந்தது. மூலையில் சின்னதாக இருந்த 404-ஐ விரல்விட்டுக் கூட்டினார். "எட்டு! சனியைக் கொண்டாந்து வாசல்ல உட்கார வெச்சிருக்கீங்களே தம்பி?"

எண்ணை எடுத்துவிட்டேன். வருகிறவர்களுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தோடு கூடவே, கண்ணுக்குத் தெரியாமல், சர்வர் உலாவிக்கும் கூகுளுக்கும் ஓர் எண்ணைச் சொல்கிறது. அது 404 ஆகத்தான் இருக்க வேண்டும். குரல்காரர் சும்மா இருந்தாரா? "அதையும் மாத்திடலாம் சார்" என்று வாக்குக் கொடுத்து, எங்கள் ஜூனியர் பையனைப் பிடித்து என்ஜின்எக்ஸ் அமைப்பில் எழுத வைத்துவிட்டார்:

```
error_page 404 =200 /404.html;
```

200 என்றால் எல்லாம் நலம். இல்லாத முகவரி ஒவ்வொன்றும் உயிரோடு இருப்பதாகச் சர்வர் சத்தியம் செய்தது. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. `curl -I` போட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. சில நாளில் கூகுளின் அறிக்கையிலும் 'சாஃப்ட் 404' என்று வரிசை கட்டின. அதைவிடப் பெரிய நஷ்டம், எந்தப் பழைய சுட்டி செத்தது என்று சர்வர் பதிவேட்டில் 404-ஐ வைத்துத் தேடவும் வழியில்லாமல் போனது. `=200` மட்டும் அழித்தேன். பட்டியல் வந்தது. பாதிக்கு மேல் ஒரே முகவரி, போன தீபாவளித் தொகுப்பு.

அதை 301 போட்டு நேராகப் புதுப் பக்கத்துக்கே அனுப்பிவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் விரல் விடுவதற்குள் குரல்காரரே கூட்டிவிட்டார். "நாலு சார். ராகு."

"வேற நம்பரே இல்லையா தம்பி?"

"410 இருக்கு. ஆனா..."

"அஞ்சு! புதன்! வியாபாரத்துக்குன்னே பொறந்த கிரகம். எல்லாத்துக்கும் அதையே போடுங்க." கல்லாவிலிருந்து பாதி எழுந்தவர் கேட்டார்: "அதுக்கு என்ன அர்த்தம்?"

"இருந்தது, இனிமே இல்லை, திரும்பி வராதீங்கன்னு அர்த்தம் சார்."

முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். "ராகுவே இருக்கட்டும்."