ஏசி இருக்கிறது, அதனாலே?

நேற்றுக் கதவிடுக்கில் வந்து விழுந்த டியூஷன் நோட்டீஸ் இன்னும் மேசையில் கிடக்கிறது. நாலு நிறம், பளபளக்கும் தாள். குளிரூட்டப்பட்ட வகுப்பறை, மல்டிமீடியா, சிசிடிவி, அனுபவமிக்க பட்டதாரி ஆசிரியர்கள், அச்சிட்ட கையேடு, வாராந்தப் பரீட்சை, மட்டுப்படுத்தப்பட்ட மாணவர் தொகை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நட்சத்திரம்.

இதற்கு நான் வேறு விதமாக எழுதிக் கொடுத்திருந்தேன். அதுதான் எரிச்சல். கொட்டாஞ்சேனையில் ஒன்றும் வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் இன்னொன்றுமாகச் சின்ன நிலையம் நடத்துகிற தம்பி, "தாய் தகப்பனுக்குப் பிடிக்கிற மாதிரி மாத்தித் தாங்கோ அண்ணை" என்று வந்தார். மாற்றிக் கொடுத்தேன். அச்சகத்திலிருந்து வந்ததில் என் வரி ஒன்றுகூட இல்லை. நட்சத்திரங்கள் மட்டும் கூடியிருந்தன.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு நட்சத்திரத்தையும் பிடித்து "அதனாலே?" என்று கேட்க வேண்டும். பிள்ளையின் கொப்பி, தாயின் நேரம், தகப்பனின் காசு, இதில் ஏதாவதொன்று வரும்வரை விடக்கூடாது. தம்பியிடம் அப்படித்தான் கேட்டேன்.

"மட்டுப்படுத்தப்பட்டது எண்டால் எத்தனை பேர்?"

"பன்னிரண்டு."

"அதனாலே?"

"எல்லாரையும் கவனிக்கலாம்."

"அதனாலே?"

கொஞ்சம் கோபம் வந்துவிட்டது அவருக்கு. "ஒவ்வொரு கிளாஸிலையும் கொப்பியை நானே பாப்பன் அண்ணை!"

அங்கேதான் நிறுத்த வேண்டும். நான் எழுதியது இது: "வகுப்பில் 12 பேர்தான். ஒவ்வொரு நாளும் உங்கள் பிள்ளையின் கொப்பியை ஆசிரியர் பார்ப்பார். பிழைத்த கணக்கைத் திருத்தாமல் பிள்ளை வீட்டுக்கு வராது." அந்தப் 12 கட்டாயம் இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் மண்டபத்தில் முந்நூறு பேரை இருத்தி மைக்கில் படிப்பிக்கிறவரும் இதே வரியைப் போட்டுக்கொள்வார்.

வாராந்தப் பரீட்சைக்கு, "ஞாயிறு பின்னேரம் புள்ளி உங்கள் போனுக்கு வரும்" என்று எழுதலாமா என்றேன். "அனுப்பலாம்" என்றார். யார் அனுப்புவது என்றேன். கூரையைப் பார்த்தார். "அனுப்பலாம்" என்பதை நோட்டீஸில் போடக்கூடாது. இரண்டாம் ஞாயிறே அம்மாமார் போன் எடுப்பார்கள். அதை வெட்டினேன்.

இனி ஏசி. குளிரா இருக்கும் என்றார். அதனாலே? பிள்ளை நித்திரை கொள்ளாதாம். பள்ளிக்கூடம் விட்டு, சோறு தின்று, நாலு மணிக்கு வருகிற பிள்ளையைக் குளிர் அறையில் இருத்தினால் வேறென்ன செய்யும்? பெட்டிக்கு நேர் கீழே இருக்கிற பிள்ளை தும்மும். மூலையில் இருக்கிறது வியர்க்கும். ஒன்று கூட்டச் சொல்லும், ஒன்று குறைக்கச் சொல்லும். ரிமோட் காசு வாங்குகிற மிஸ்ஸின் லாச்சியில். மிஸ் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். அவர் வந்து லாச்சியைத் திறந்தால் ரிமோட்டில் பற்றரி இராது, அது சுவர் மணிக்கூட்டுக்குப் போயிருக்கும். இதற்குள் பின்னக் கணக்கு முடிந்து வீட்டுப்பாடமும் கொடுத்தாயிற்று. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதும் நோட்டீஸில் ஏசி இருந்தது. பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்தார்கள். ஏசிக்குக் காசு கட்டுவதும் நாங்கள், பிள்ளைக்குச் சுவெட்டர் வாங்குவதும் நாங்கள்.

சரி, அதிலும் ஒரு நன்மை உண்டு. காலி வீதிப் பக்கம் 100ஆம் இலக்க பஸ் ஹோர்ன் அடித்தால் ஆசிரியர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். ஆகவே, "ஜன்னல் சாத்தியிருக்கும், கடைசி வாங்குக்கும் பாடம் கேட்கும்" என்று எழுதினேன். "ஏசி எண்டு பெரிசாப் போட்டால்தான் எடுப்பு அண்ணை" என்றார் தம்பி.

ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்களையும் விடமாட்டேன் என்றார். அதில் ஒரு பெடியனை இதே ஒழுங்கையில் மூன்று நிலையங்களின் நோட்டீஸில் பார்த்திருக்கிறேன். பாவம், மூன்றுக்கும் போயிருப்பான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு "சித்தி நிச்சயம்" என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்டுப்புள்ளி பரீட்சைக்குப் பிறகுதான் வரும், அதை இவர்கள் எப்படி நிச்சயிப்பது? முதலாம் வினாத்தாளில் 40 கேள்விக்கு ஒரு மணித்தியாலம். "மணிக்கூடு வைத்துச் செய்யப் பழக்குவோம்" என்று போட்டால் அது உண்மை, பெற்றோர் வந்து பார்க்கவும் முடியும்.

நோட்டீஸ் அடிக்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று எல்லாரும் போடுகிறீர்கள். எத்தனை மணிக்கு முடியும் என்றும், முடிந்தபின் ஆள் வரும்வரை பிள்ளையைக் கேற்றுக்கு உள்ளே வைத்திருப்பீர்களா என்றும் போடுங்கள். ஓட்டோவில் காத்திருக்கிற தாய்க்கு அந்த இரண்டும் போதும்.