கைமாறு கொடையியல்: ஓர் அறிமுகம்

பிரிக்காத பரிசைப் பிறருக்குக் கொடுத்தல் என்னும் பொருள் பற்றி இக்கட்டுரை ஆராய்கிறது. ‘பிரிக்காத’ என்றதனால், பிரித்துப் பார்த்துவிட்டு மூடிவைத்த பொருள் விலக்கப்பட்டதோ எனின், அன்று. பார்த்தல் வேறு, பயன்படுத்தல் வேறு. ‘பரிசு’ என்றதனால், பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய குடை இதனுள் அடங்காது. ‘பிறருக்கு’ என்றதனால், கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்தல் விலக்கப்பட்டது. அது கொடை அன்று, விபத்து.

இத்துறைக்குக் ‘கைமாறு கொடை’ என்று பெயரிட்டதும் கண்டனங்கள் எழும் என்பதை அறிவேன். ‘கைம்மாறு’ என்று மகர ஒற்று மிகவேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. மிகுந்தால் பதிலுதவி என்று பொருள் மாறிவிடும் என்பது மறுசாரார் வாதம். ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கு மூன்று கருத்தரங்குகள் தேவைப்படலாம். பரிசு அதற்குள் துருப்பிடித்துவிடும் என்பதால் மேலே செல்கிறேன்.

முன்னோர் ஆய்வுகளைச் சொல்லாமல் தொடங்குவது மரபன்று. மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் கொடையைப் பற்றி 1925இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், கொடுத்தல், பெறுதல், திருப்பிச் செய்தல் ஆகிய மூன்றும் கடமைகள் என்றார். அலமாரியில் அடுக்குதல் என்னும் நான்காவது கடமையை அவர் கவனிக்கவில்லை (என் மனைவி, சமையலறைச் சொற்பொழிவுகள், 2ஆம் விசில்). அவருக்கு மூன்று ஆண்டு முன்னதாக, 1922இல், மலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலார் இன்னும் நெருங்கி வந்தார். நியூகினியாவை அடுத்த தீவுகளில் சிவப்புச் சிப்பி மாலைகள் கடிகாரச் சுற்றாகவும், வெண்சிப்பிக் கைவளைகள் எதிர்ச் சுற்றாகவும் தீவு தீவாகக் கைமாறுவதை அவர் எழுதிவைத்தார். ‘கூலா’ என்னும் அவ்வழக்கத்தில் எவரும் எதையும் நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை. யாரிடமிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே யாருக்கும் வெட்கமில்லை. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்க.

இனிப் பாகுபாடு. கைமாறக்கூடிய பொருள்கள் நான்கு வகைப்படும்.

முதலாவது, தின்பொருள்: டப்பாவில் உள்ள கடைசித் தேதியைப் பார்க்கவும்.

இரண்டாவது, உங்களுக்கென்றே ஒருவர் பின்னியது, வரைந்தது, தைத்தது: கொடுக்கக்கூடாது.

மூன்றாவது, ரவிக்கைத் துணி. இங்கே சற்று நின்று மூச்சு வாங்குவோம்.

நவராத்திரிக் கொலுவுக்குப் போகும் பெண்ணுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு வைத்துக் கொடுக்கப்படும் ‘பிளவுஸ் பிட்’டைக் காண மலினோவ்ஸ்கி மட்டும் நம் தெருவுக்கு வந்திருந்தால் தீவுகளையே மறந்திருப்பார். இது தைப்பதற்காக ஏற்பட்ட பொருள் என்பது வெளிநாட்டார் கொள்ளக்கூடிய பிழை. இது சுற்றுவதற்காக ஏற்பட்டது. எந்தப் புடவைக்கும் பொருந்தாத நிறமாயிருப்பது அதன் குறையன்று, இலக்கணம், பொருந்திவிட்டால் யாராவது தைத்துவிடுவார்கள், சுழற்சி அறுந்துபோகும் (எதிர்வீட்டு மாமி, மாடிப்படி உரைகள், 4ஆம் படி, திருத்திய பதிப்பு 7ஆம் படி).

ஒரு பிட்டின் வயதைக் கணிக்க மூன்று சான்றுகள் உண்டு. மடிப்பின் விளிம்பில் மட்டும் சாயம் வெளுத்திருந்தால் அது பலகாலம் மடித்தபடியே இருந்தது. மூலையில் மஞ்சள் கறை இருந்தால் ஒரு தாம்பாளத்தையாவது கண்டது. முகர்ந்து பார்த்தால் பூச்சியுருண்டை வாடை வருமாயின், கோடைகளைப் பீரோவுக்குள் கழித்தது. கறையையும் வாடையையும் ஒருசேரப் பெற்ற பிட்டைத் தொல்பொருள் துறையிடம் ஒப்படைப்பதா, அடுத்த வெள்ளிக்கிழமை வருபவரிடம் ஒப்படைப்பதா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை (எதிர்வீட்டு மாமி, மேற்படி, 9ஆம் படி, இதை மறுத்து அவர் ஓரகத்தி எழுப்பிய ‘ஹும்’ என்னும் ஓரசை விமர்சனமும், அதற்கு மாமி கதவைச் சாத்தி வழங்கிய விளக்கவுரையும் ஒப்புநோக்கத்தக்கன).

ஆயினும் ரவிக்கைத் துணியில் யாரும் மானம் போய்த் தவித்ததாகச் செய்தியில்லை. காரணம் கூலாவுக்குச் சொன்னதே: சுற்றுவது எல்லாருக்கும் தெரியும். தவறக்கூடிய இடம் ஒன்றுதான், வந்த வீட்டுக்கே திரும்பிப் போவது. அதற்கு மாமியின் முறை எளியது. ஒவ்வொரு பிட்டிலும் யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று எழுதிய துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்திவைப்பார். கொடுக்கும்போது சீட்டை எடுத்துவிடுவார். குண்டூசியையும் எடுக்கவேண்டும் என்பதைப் பின்னர் சேர்த்தார்.

நான்காவது, எவர்சில்வர் பாத்திரம். இதன் ஆபத்து, பெயர் வெட்டுதல். பாத்திரக் கடையில் சிறு மின்கருவியால் டர்ரென்று புள்ளி புள்ளியாகப் பொறிக்கும் கல்வெட்டு அது. வழக்கமான இடங்கள் விளிம்பின் வெளிப்புறம், மூடி, அடிப்பாகம். தேய்த்து அழிக்கலாமே எனின், அழித்த இடம் மட்டும் தனிப் பளபளப்போடு நின்று, இங்கே ஒரு பெயர் இருந்தது என்று உரக்கச் சொல்லும்.

இதற்கு நானே சான்று. என் அத்தை கொடுத்த ஐந்தடுக்கு டிபன் கேரியர் பெட்டி கலையாமல் இருந்தது. எங்கள் இருவருக்கு அது மிகை. ஊர்ப்பக்கம் இருக்கும் தங்கை முறையுள்ள ஒருத்தி வீடு கட்டினாள். வயல் வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் குடும்பம். மூடியைப் பார்த்தேன், மேலடுக்கைப் பார்த்தேன், புதுத் தாள் சுற்றிப் புதுமனை புகுவிழாவில் கொடுத்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

“அண்ணே, நாலாவது அடுக்குக்கு அடியில அத்தை பேரு வெட்டியிருக்கு.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அத்தைதான்மா உனக்குக் கொடுக்கச் சொன்னாங்க” என்றேன். அவள் நன்றி சொல்ல உடனே அத்தையைக் கூப்பிடுவாள் என்பது அப்போது தோன்றவில்லை. நான் முந்திக்கொண்டு அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அத்தை சிரித்தார்.

“அட போடா. அது எனக்கே வந்ததுதான். நான் பேரு மட்டுந்தான் வெட்டினேன்” (அத்தை, தொலைபேசி வாக்கியங்கள், மாலைப் பதிப்பு, இதற்கு மாமா எழுதாத உரையும், அவ்வுரையை எழுதவிடாமல் அத்தை செய்த இடைச்செருகலும் காண்க).

அத்தை சொன்னதை உளவியலாரும் ஆய்ந்திருக்கிறார்கள். ஆடம்ஸ், ஃபிளின், நார்ட்டன் என்னும் மூவர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, பரிசைக் கைமாற்றினால் கொடுத்தவர் புண்படுவார் என்று பெற்றவர் அஞ்சும் அளவுக்குக் கொடுத்தவர் புண்படுவதில்லை. ‘கொடுத்தாயிற்று, இனி உன் பொருள்’ என்று அவர் இருக்கிறார். பெற்றவர்தான் இன்னும் அது அவர் பொருள் என்று நடுங்குகிறார்.

ஆகவே கேரியரில் பிழை கொடுத்ததில் இல்லை; புதுத் தாளில் இருந்தது. கடையில் வாங்கியதுபோல் காட்டியதால்தான் நாலாவது அடுக்கு சாட்சி சொல்ல வந்தது. தாள் சுற்றாமல், “எனக்கு வந்தது, நாங்க எடுக்கவே இல்ல, உங்க வீட்டுக்கு உதவும்னு தோணுச்சு” என்று கையில் கொடுத்திருந்தால், எந்த அடுக்கில் எந்தப் பெயர் இருந்தாலும் என்ன? அப்படிச் சொல்லிக் கொடுக்கத் தயங்கினால், அந்தப் பொருள் பெறுபவருக்கு உதவாது, உங்கள் அலமாரிக்குத்தான் உதவும் என்று பொருள். அதைக் கொடுக்காதீர்கள்.

இதை ஆய்வுலகத்தார் எளிதில் புரிந்துகொள்வார்கள். பிறர் பொருளை மூலம் சொல்லிக் கொடுத்தால் அது மேற்கோள். அட்டையை மாற்றி, முன்னுரையைப் புதுத் தாளில் சுற்றி, பெயரை மட்டும் வெட்டிக் கொடுத்தால் அதற்குப் பட்டமே கிடைக்கிறது. பாத்திரத்துக்கு அந்த வசதி இல்லை.

பின்குறிப்பு: இக்கட்டுரையை எழுத எனக்குப் பரிசாக வந்த பேனா பயன்பட்டது. ஆகவே அது இனிக் கைமாறும் தகுதியை இழக்கிறது.